வினாவில் கோளாறா, பாடத்தில் கோளாறா? காலாண்டு அறிவியல் தாளை வினாவாரியாகச் சோதிக்கும் வழி

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஆசிரியர் அறையில் வழக்கமாக நடப்பது இதுதான். சராசரி எவ்வளவு, எத்தனை பேர் தேர்ச்சி, யார் முதல் மதிப்பெண் என்று மூன்று எண்களை எழுதிக் கொடுத்துவிட்டு, விடைத்தாள் கட்டை மூட்டைகட்டி அலமாரியில் வைத்துவிடுவோம். எந்தப் பாடத்தில் பிள்ளைகள் விழுந்தார்கள் என்று யாராவது கேட்டால் “மின்னோட்டவியல்ல கொஞ்சம் வீக்” என்று திருத்தியபோது மனதில் தங்கியதைச் சொல்வோம். பாதி நேரம் அது சரியாக இருக்கும். மீதி நேரம் கோளாறு வினாவிலோ விடைக்குறிப்பிலோ இருக்கும், பழி மட்டும் பாடத்தின் மேல் விழும்.

இங்கே எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் தாள். 75 மதிப்பெண்: 12 ஒரு மதிப்பெண் வினா, பத்தில் ஏழு எழுதும் 2 மதிப்பெண் பகுதி, பத்தில் ஏழு எழுதும் 4 மதிப்பெண் பகுதி, ‘அல்லது’ வைத்த மூன்று 7 மதிப்பெண் வினா. 22-ம் 32-ம் கட்டாய வினாக்கள். நான் உதாரணம் காட்டும் தேர்வில் மூன்று பிரிவுகளிலும் சேர்த்துப் பெயர்ப்பட்டியலில் 118 பேர். எழுதியவர்கள் 111 பேர், பிரிவுக்கு 37.

முதலில் தாள் விரிப்பு

கூகுள் ஷீட்ஸில் `Data` என்று ஒரு பக்கம். A-யில் தேர்வு எண், B-யில் பிரிவு, C முதல் N வரை 12 ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு மாணவர் எழுதிய விடை, O-வில் 75-க்கு மொத்த மதிப்பெண். விடையைச் சரி, தவறு என்று போடாதீர்கள்; அவர் எழுதிய எழுத்தையே போடுங்கள். அ, ஆ, இ, ஈ-க்குப் பதில் A, B, C, D என்று அடித்தால் வேலை சீக்கிரம் முடியும். இரண்டாம் வரிசையில் விடைக்குறிப்பு, மூன்றாம் வரிசையிலிருந்து மாணவர்கள், மொத்த மதிப்பெண் இறங்குவரிசையில். `Score` என்ற இன்னொரு பக்கத்தில் அதே கட்டங்களில் 1 அல்லது 0 வரும்:

```
=IF(Data!C3=Data!C$2,1,0)
```

அப்புறம் ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டு எண்கள் போதும்:

```
=AVERAGE(C3:C113)
=AVERAGE(C3:C32)-AVERAGE(C84:C113)
```

முதலாவது, எத்தனை பங்குப் பேர் சரியாக எழுதினார்கள் என்பது. பி.எட். புத்தகத்தில் இதற்குக் ‘கடினத்தன்மை அளவு’ என்று பெயர். எண் கூடினால் வினா சுலபம் என்று அர்த்தமாவதால் அந்தப் பெயர் குழப்பும்; நான் ‘சரி விகிதம்’ என்றே சொல்கிறேன். இரண்டாவது பிரித்தறியும் திறன். மேலிருந்து 30 பேரின் சரி விகிதத்திலிருந்து கீழிருந்து 30 பேரின் சரி விகிதத்தைக் கழித்தது. 30 எங்கிருந்து வந்தது என்றால், 111-இல் 27 சதவீதம். மேலும் கீழும் 27 சதவீதம் எடுப்பது 1939-இல் ட்ரூமன் கெல்லி காட்டிய வழக்கம். பிரித்தறியும் திறன் 0.30-க்கு மேல் இருந்தால் வினா நன்றாக வேலை செய்கிறது, 0.20-க்குக் கீழே போனால் எடுத்துப் பார்க்க வேண்டும். கழித்தல் குறி வந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

அறிகுறி: எல்லா வினாவும் அருமையாக இருப்பதாகக் காட்டுகிறது

பன்னிரண்டு வினாவும் 0.45, 0.50 என்று வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் வராதவர்களைத் தேடுங்கள். மதிப்பெண் பட்டியலில் ‘AB’ என்று இருந்ததை யாரோ பூஜ்யமாக மாற்றியிருப்பார்கள். அந்த ஏழு பேரும் நேராகக் கீழ்க்குழுவில் போய் உட்காருவார்கள். எந்த வினாவையும் அவர்கள் சரியாக எழுதவில்லை என்பதால் ஒவ்வொரு வினாவின் கீழ்க்குழு விகிதமும் இறங்கி, பிரித்தறியும் திறன் ஏறிவிடும். அதோடு எல்லாச் சரி விகிதமும் சற்றுக் குறைந்து, தாளே கடினம் போலத் தெரியும். முப்பது பேரில் ஏழு பேர் என்பது சின்ன விஷயமில்லை. வராதவர்களின் வரிசையை மொத்தமாக நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

அறிகுறி: பிரித்தறியும் திறன் கழித்தல் குறியோடு வருகிறது

நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் தவறவிட்டதைச் சுமாராகப் படிப்பவர்கள் சரியாக எழுதியிருக்கிறார்கள். இதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்தான்.

ஒன்று, விடைக்குறிப்பில் பிழை. 9-ஆம் வினா லென்சின் திறனுக்கு அலகு கேட்டது. சரி விகிதம் 0.14, பிரித்தறியும் திறன் −0.17. ஒவ்வொரு விடையையும் எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ணினால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்:

```
=COUNTIF(Data!K3:K32,"B")
```

மேல்குழு 30 பேரில் 26 பேர் B. குறிப்பில் இருந்ததோ C. வினாத்தாளில் இரண்டாவது விடைதான் டயாப்டர். தட்டச்சு செய்தவர் ஒரு வரி தள்ளிப் பார்த்துவிட்டார். இரண்டாம் வரிசையில் ஓர் எழுத்தை மாற்றியதும் சரி விகிதம் 0.60, பிரித்தறியும் திறன் 0.53. இருந்ததிலேயே நல்ல வினா அதுவாகிவிட்டது. மேல்குழு கூட்டமாக ஒரே ‘தவறான’ விடையில் போய் நின்றால், அவர்களை நம்பிக் குறிப்பைச் சந்தேகிப்பதே என் பழக்கம்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. 5-ஆம் வினாவில் இருந்தது.

“குவிலென்சால் உருவாகும் பிம்பம்: அ) தலைகீழான மெய் பிம்பம் ஆ) நேரான மாய பிம்பம் இ) எப்போதும் சிறிய பிம்பம் ஈ) பிம்பம் உருவாகாது.” குறிப்பில் விடை அ.

சரி விகிதம் 0.52. அதை மட்டும் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பாதிப் பேர் சரியாக எழுதிய, நடுத்தரமான வினா. ஆனால் எண்ணிக்கை இப்படி வந்தது. மேல்குழுவில் 12 பேர் அ, 17 பேர் ஆ, ஒருவர் ஈ. கீழ்க்குழுவில் 19 பேர் அ, 6 பேர் ஆ, மீதி 5 பேர் இ-யிலும் ஈ-யிலும். பிரித்தறியும் திறன் −0.23.

நடந்தது என்னவென்றால், பொருளை முதன்மைக் குவியத்துக்கும் லென்சுக்கும் இடையில் வைத்தால் நேரான, பெரிதான மாய பிம்பம் கிடைக்கும் என்பது நன்றாகப் படித்தவனுக்குத் தெரியும். பூதக்கண்ணாடியே அப்படித்தான் வேலை செய்கிறது. அவனுக்கு அ-வும் சரி, ஆ-வும் சரி. எதை எழுதுவது என்று திண்டாடி, ‘மிஸ் இதைத்தான் கேட்டிருப்பாங்க’ என்று யூகித்து ஆ எழுதியிருக்கிறான். ‘குவிலென்சு என்றால் மெய் பிம்பம்’ என்று ஒற்றை வரி மனப்பாடம் செய்தவனுக்கு அந்தத் தவிப்பே இல்லை. அதிகம் தெரிந்ததற்கு அபராதம் விதித்த வினா இது. எழுதியவன் நானே என்பதால் தாராளமாகச் சொல்லலாம்.

மதிப்பெண்ணில் செய்தது: அ, ஆ இரண்டுக்கும் மதிப்பெண். வினா வங்கியில் செய்தது: பொருளின் இடத்தைச் சொல்லிவிட்டோம். “குவிலென்சின் 2F-க்கு அப்பால் வைக்கப்பட்ட பொருளின் பிம்பம்” என்று தொடங்கினால் தலைகீழான, சிறிய மெய் பிம்பம் என்ற ஒரு விடைதான் நிற்கும்.

மதிப்பெண் மாறியதால் மொத்தமும் மாறும், தரவரிசையும் கொஞ்சம் நகரும். ஆகவே குறிப்பைத் திருத்தியபின் `Data` பக்கத்தை மறுபடி இறங்குவரிசைப்படுத்தி, எண்களை இன்னொரு தடவை பாருங்கள். வரிசைப்படுத்தும்போது முதல் இரண்டு வரிசைகளை உறையவைக்க மறக்காதீர்கள். விடைக்குறிப்பு மாணவர்களோடு கலந்து எங்கோ நடுவில் போய்விட்டால் எல்லாம் தலைகீழாகும். எனக்கு அது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது.

அறிகுறி: பத்தில் மூன்று பேர்தான் சரியாக எழுதியிருக்கிறார்கள்

நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 0.25 வரும். ஆகவே 0.30 என்பது பயமுறுத்தும் எண்தான். அதற்காக வினாவை உடனே தூக்கிவிடக் கூடாது. தவறான விடைகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

27, 30, 26, 28 என்று நான்கு விடையிலும் சமமாகப் பரவி, பிரித்தறியும் திறனும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் வகுப்பே சீட்டுக் குலுக்கியிருக்கிறது. அந்தப் பகுதி நடத்தப்படவே இல்லை, அல்லது நடத்தியது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

7-ஆம் வினா வேறு மாதிரி. “மூன்று 6 ஓம் மின்தடையாக்கிகள் பக்க இணைப்பில் இணைக்கப்பட்டால் தொகுபயன் மின்தடை என்ன?” விடைகள் 18 ஓம், 6 ஓம், 2 ஓம், 1/2 ஓம். 111 பேரில் 33 பேர்தான் 2 ஓம் என்று எழுதினார்கள். சரி விகிதம் 0.30. ஆனால் பிரித்தறியும் திறன் 0.37. வினா தன் வேலையைச் செவ்வனே செய்திருக்கிறது. மற்ற 78 பேர் போன இடத்தைப் பாருங்கள்: 47 பேர் 1/2 ஓம், 22 பேர் 18 ஓம், 9 பேர் 6 ஓம்.

1/2 எழுதிய 47 பேருக்கும் பக்க இணைப்பின் சூத்திரம் தெரியும். 1/6-ஐ மூன்று தடவை கூட்டி 1/2 என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அது 1/R, அதைத் திருப்பினால்தான் R கிடைக்கும் என்ற கடைசிப் படியில் நின்றுவிட்டார்கள். மேல்குழுவிலேயே 14 பேர் இப்படி. 18 எழுதியவர்கள் கதை வேறு. அவர்கள் தொடரிணைப்பும் பக்க இணைப்பும் வேறு வேறு என்பதையே பிடிக்கவில்லை, மூன்றையும் கூட்டிவிட்டார்கள். அந்த 22 பேரில் 13 பேர் கீழ்க்குழு, ஒரே ஒருவர் மேல்குழு.

அதாவது ஒரே வினாவில் இரண்டு நோய், இரண்டு மருந்து. முதல் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் போதும். ‘பக்க இணைப்பில் தொகுபயன் மின்தடை, இருப்பதிலேயே சின்ன மின்தடையைவிடக் குறைவாக இருக்கும்’ என்று சரிபார்க்கச் சொன்னால் 1/2-உம் தப்பிவிடுமே என்று தோன்றும். ஆம், இந்தக் கணக்கில் அது தப்பிவிடும். அதனால் அந்தக் குறுக்குவழி இவர்களுக்கு உதவாது. 1/R = 1/2 என்று முழு வரியாக எழுதவைத்து, அடுத்த வரியில் R = 2 என்று எழுதாவிட்டால் மதிப்பெண் இல்லை என்று பழக்குவதுதான் வழி. இரண்டாவது கூட்டத்தை ஆய்வகத்துக்கு அழைத்துப்போய், இரண்டு பல்பை இரண்டு விதமாக மாட்டிக் காட்ட வேண்டும். ஒரு பல்பைக் கழற்றினால் இன்னொன்று அணைகிறதா, எரிகிறதா என்று அவர்களே பார்க்க வேண்டும். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக உட்காரவைத்து ‘மின்னோட்டவியல் மீள்பார்வை’ என்று சூத்திரத்தை மறுபடி எழுதிப்போட்டால் இருவருக்குமே பயன் இல்லை.

சரி விகிதம் 0.95, பிரித்தறியும் திறன் 0.05 என்று வருகிற வினாக்களை விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் யாரையும் பிரிக்காது. தாளின் தொடக்கத்தில் அப்படி ஒன்றிரண்டு இருப்பது நல்லதும்கூட.

அறிகுறி: 4 மதிப்பெண் வினா ஒன்று 0.25-இல் கிடக்கிறது

சாய்ஸ் உள்ள பகுதிக்கு வரும்போது அநேகர் தடுக்கி விழும் இடம் இது. விரிவான வினாக்களுக்குச் சரி விகிதம் என்பது சராசரி மதிப்பெண்ணை முழு மதிப்பெண்ணால் வகுப்பது. ஒலியியலில் டாப்ளர் விளைவு பற்றிய 27-ஆம் வினாவுக்கு அப்படிப் போட்டால் 0.25 வந்தது. பார்த்ததும் ‘டாப்ளரை மறுபடி நடத்தணும்’ என்று தோன்றும்.

ஆனால் அதை எழுதியவர்கள் 34 பேர்தான். எழுதாத 77 பேருக்கும் கட்டத்தில் பூஜ்யம் அடித்திருந்தது. எழுதாமல் விட்டது வேறு, எழுதிப் பூஜ்யம் வாங்கியது வேறு. எழுதாததைக் காலியாக விட்டால் ஷீட்ஸ் தானாகவே ஒதுக்கிவிடும். விரிவான வினாக்களின் மதிப்பெண்ணுக்குத் தனிப் பக்கம் வைத்து, அதில் 27-ஆம் வினா F-இல் இருந்தால்:

```
=AVERAGE(F3:F113)/4
=COUNT(F3:F113)/111
```

இப்போது எழுதியவர்களின் சராசரி 4-க்கு 3.29, விகிதம் 0.82. அடேயப்பா என்று இந்தப் பக்கமும் சாயக் கூடாது. எழுதிய 34 பேரில் 21 பேர் மேல்குழு, இரண்டு பேர் மட்டும் கீழ்க்குழு. நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டும் தொட்ட வினா, அதனால்தான் மதிப்பெண் உயர்ந்து நிற்கிறது. வகுப்புக்கு டாப்ளர் எவ்வளவு தெரியும் என்பதை 0.25-உம் சொல்லாது, 0.82-உம் சொல்லாது. நம்பக்கூடிய எண் 0.31, அதாவது பத்தில் ஏழு பேர் அதைத் தொடக்கூட நினைக்கவில்லை என்பது.

எதிர்ப்புறம் 29-ஆம் வினா. 88 பேர் எழுதினார்கள், சராசரி 1.9. தெரியும் என்று நம்பி எழுதி, பாதி மதிப்பெண்ணை இழந்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் அதிகக் கவலை தருவது. தொடாமல் விட்டவனுக்குத் தனக்குத் தெரியாது என்பது தெரியும். இவர்களுக்கு அதுவும் தெரியாது. பொதுத்தேர்விலும் இதையே தேர்ந்தெடுப்பார்கள்.

இதனால் சாய்ஸ் வினாக்களுக்கு நான் பிரித்தறியும் திறனைக் கணக்கிடுவதே இல்லை. குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதே வினாவுக்கு வினா மாறும்போது அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 22-ம் 32-ம் மட்டும் விதிவிலக்கு. கட்டாயம் எல்லோரும் எழுத வேண்டியவை என்பதால் அங்கே காலி என்றால் பூஜ்யம்தான், கணக்கும் ஒரு மதிப்பெண் பகுதியைப் போலவே சுத்தமாக நிற்கும்.

அறிகுறி: ஒரு பாடம் முழுவதுமே பலவீனமாகத் தெரிகிறது

வினாக்களைச் சுத்தம் செய்வதற்கு முன் பாடவாரிப் பட்டியல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தாளே சாட்சி. ஒளியியலில் வந்த ஒரு மதிப்பெண் வினாக்கள் 5-ம் 9-ம். பழைய எண்களில் 0.52-ம் 0.14-ம், சராசரி 0.33. மின்னோட்டவியலின் 0.30-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டையும் சேர்த்து ‘மீண்டும் நடத்த வேண்டிய பாடங்கள்’ என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருப்பேன்.

குறிப்பைத் திருத்தியபின் 9-ஆம் வினா 0.60. 5-ஐக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டோம். லென்சின் திறனைக் கணக்கிடச் சொன்ன கட்டாய வினா 22 தனியாக 0.58. ஒளியியலில் பெரிதாக ஒன்றும் இல்லை. மின்னோட்டவியல் அப்படிக் கலையவில்லை. பக்க இணைப்புக் கணக்குக் கேட்ட கட்டாய வினா 32-உம் 0.34-தான் வந்தது. விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தால் அதே கதை: 1/R-இல் நின்ற வரி, அதன் அடியில் ஓம் என்று அலகும் போட்டு, இரண்டு கோடும் இழுத்திருக்கிறார்கள். வேறு வடிவில் கேட்ட இரண்டு வினாவில் ஒரே பிழை வந்தால்தான் பாடத்தைக் குற்றம் சொல்கிறேன். ஒற்றை வினாவை வைத்து ஒருபோதும் சொல்வதில்லை. ஒரு மதிப்பெண் வினாவின் விகிதத்தை 7 மதிப்பெண் வினாவின் விகிதத்தோடு சேர்த்துச் சராசரி எடுப்பதும் இல்லை. ஒன்றில் குருட்டாம்போக்கு 0.25 ஏற்கெனவே கலந்திருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

அறிகுறி: ஒரு பிரிவில் மட்டும் சரிந்திருக்கிறது

11-ஆம் வினா மொத்தத்தில் 0.54. கண்ணில் படாமலே போயிருக்கும். பிரிவுவாரியாகப் பிரித்தால்:

```
=AVERAGEIF(Data!$B$3:$B$113,"10C",M3:M113)
```

10ஏ-வில் 0.70, 10பி-யில் 0.68, 10சி-யில் 0.24. வினாவில் தவறு இருந்தால் மூன்று பிரிவிலும் விழுந்திருக்க வேண்டும். 10சி-யின் பாடவேளைப் பதிவேட்டைப் பார்த்தோம். அந்தப் பகுதி நடக்க வேண்டிய வாரத்தில் அந்த ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டார்கள். ஒரு பாடவேளையில் முடிகிற வேலை.

இதே சரிவு விரிவான வினாவில் தெரிந்தால், பாடத்தைத் தொடுவதற்கு முன் திருத்தியவரைப் பாருங்கள். ஒருவர் படம் இல்லாவிட்டால் இரண்டு மதிப்பெண் குறைப்பார், இன்னொருவர் அரைதான் குறைப்பார். பிரிவுக்குப் பத்து விடைத்தாளை மாற்றிக்கொண்டு, மதிப்பெண்ணை மறைத்து அந்த ஒரு வினாவை மட்டும் மறுபடி திருத்துங்கள். வித்தியாசம் அங்கேயே கரைந்துவிட்டால் மாணவர்கள் மேல் தப்பில்லை.

பிரிவுக்குள் இறங்கும்போது ஓர் எல்லை உண்டு. 37 பேரில் 27 சதவீதம் என்றால் பத்துப் பேர். மேல்குழுவில் ஒருவன் அன்றைக்குக் காய்ச்சலோடு எழுதியிருந்தால் பிரித்தறியும் திறன் 0.10 குதித்துவிடும். ஆகவே பிரிவு அளவில் நான் சரி விகிதத்தை மட்டும் ஒப்பிடுகிறேன், அதுவும் 0.70-க்கும் 0.24-க்கும் உள்ளது போலப் பெரிய இடைவெளி இருந்தால் மட்டும். 10ஏ-யின் 0.70-க்கும் 10பி-யின் 0.68-க்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு மாணவன்.